கிளீனிங் செய்த மூன்றே மாதத்தில் காரை திரும்புவது ஏன்? எச்சிலும் சாப்பாடும் செய்யும் வேலை

"டாக்டர், போன தடவை முழுசா எடுக்கலையோ?"

பல் சுத்தம் செய்துகொண்டு போனவர்களில் பலர் மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ திரும்பி வந்து இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கேட்டுவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். கீழ் முன்பற்கள் ஆறின் உட்புறத்தில், ஈறை ஒட்டி, மஞ்சளாக ஒரு திட்டு இருக்கும். மேலே உள்ள முன்பற்கள் பளபளவென்று இருக்கும், கீழே உள்ளவற்றின் வெளிப்பக்கமும் சுத்தமாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப அதே இடத்தில் மட்டும் ஏன் வருகிறது என்பதற்கான பதில் நாக்குக்கு அடியில் இருக்கிறது. அந்த ஓர் இடத்தைப் புரிந்துகொண்டால் காரையைப் பற்றி முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஆறு பற்களைச் சுற்றியே போகும்.

காரையா, கறையா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டீ, காபி, வெற்றிலை, புகையிலை விடும் நிறம் கறை. அது வழவழப்பாக இருக்கும், நாக்குக்குத் தட்டுப்படாது. காரை என்பது பல்லின் மேல் ஒட்டிய கல். நாக்கு நுனியை வைத்தால் சொரசொரப்பாக, பல்லில் ஒரு படி இருப்பதுபோல் தட்டும். காரையின் மேல் கறை படிவதும் உண்டு. வெற்றிலை போடுபவர்களின் பல்லில் தெரியும் செம்பழுப்புப் பாறை அப்படிப்பட்டதுதான்.

இன்னொன்று, காலையில் எழுந்ததும் பல்லில் நகத்தால் சுரண்டினால் வரும் வெண்மையான மாவு. ஊத்தை என்று சொல்வோமே, அது. அதைப் பற்படலம் என்று வைத்துக்கொள்வோம். அது உயிருள்ள கிருமிகளின் கூட்டம், பிரஷ் பட்டால் போய்விடும். காரை என்பது போகாமல் தங்கிவிட்ட அந்தப் படலம் கல்லானது. அதன் எடையில் முக்கால் பங்கு வரை தாது உப்புதான், பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். பல்லும் எலும்பும் ஆன அதே பொருள்.

வீடு கட்ட மணலையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசியதைத்தான் நம் ஊரில் காரை என்றார்கள். பல்லில் நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான்: மணல் கிருமிகள், சுண்ணாம்பு எச்சிலில் வரும் கால்சியம். யார் இந்தப் பெயரை வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சுத்தம் செய்த மறுநிமிடத்திலிருந்து

ஸ்கேலிங் என்னும் பல் சுத்தம் முடிந்து வாய் கொப்பளித்துத் துப்பிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாகப் படிந்துவிடும். இது கெட்டது அல்ல, பல்லுக்கு ஒரு மேல்பூச்சு மாதிரி. ஆனால் கிருமிகளுக்கு இதுதான் பாய் விரித்த மாதிரி. சில மணி நேரத்தில் முதல் கிருமிகள் வந்து ஒட்டிக்கொள்ளும், ஒரு நாளில் அது படலமாகிவிடும்.

அந்தப் படலத்துக்குள் உப்பு இறங்க எவ்வளவு நாள் ஆகும்? வாரக்கணக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வேகமாகக் காரை பிடிக்கும் வாய்களில் 4 முதல் 8 மணி நேரத்திலேயே அது தொடங்கிவிடலாம். யாரும் தொடாமல் விட்டால் 2 நாளில் பாதி அளவுக்கும், 12 நாளில் 60 முதல் 90 சதவீதம் வரைக்கும் படலம் கல்லாகலாம். அதற்கு அப்புறம் அடுக்கடுக்காக வளர்ந்து, பத்து வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஓர் உச்சத்தைத் தொடும். அதற்குமேல் நாக்கும் உதடும் உணவும் உரசி உதிர்வதும், புதிதாகச் சேர்வதும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

ஆக, மூன்று மாதத்தில் காரை தெரிகிறது என்றால் அது மூன்றாம் மாதத்தில் பிடித்தது அல்ல. முதல் வாரத்திலேயே பிடித்து, கண்ணுக்குத் தெரிய மூன்று மாதம் எடுத்துக்கொண்டது.

'முழுசா எடுக்கலையோ' என்ற கேள்விக்கும் நியாயம் உண்டு. ஸ்கேலிங்கில் ஒரு துணுக்கு தப்பிவிட்டால் அது பாலில் விட்ட உறை மோர் மாதிரி. சொரசொரப்பான அந்த இடத்தில் படலம் எளிதில் ஒட்டும், ஏற்கெனவே இருக்கும் உப்புப் படிகத்தின் மேல் புது உப்பு சீக்கிரம் படியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கேலிங் முடிந்த அன்று இரவே நாக்கால் அந்த ஆறு பற்களையும் தடவிப் பாருங்கள். அன்றைக்கே தடிப்பான படி தட்டினால் அது மிச்சம். ஒரே நாளில் அவ்வளவு கனமான கல் புதிதாக வர முடியாது. திரும்பிப் போய்ச் சொல்லலாம், அதில் சங்கடம் ஒன்றுமில்லை. அன்று வழவழவென்று இருந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சொரசொரத்தால் அது புதுக் காரை.

ஏன் கீழ் முன்பல்லின் உட்புறம்?

கண்ணாடி முன் நின்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பாருங்கள். நாக்கின் அடியில் நடுவே ஒரு நரம்பு போன்ற மடிப்பு இருக்கும். அதன் இருபுறமும் சிறு மொட்டுகள் இரண்டு தெரியும். தாடைக்கு அடியில் உள்ள எச்சில் சுரப்பிகளின் குழாய் வாய்கள் அவை. எலுமிச்சையை நினைத்துக்கொண்டே பார்த்தால் அங்கிருந்து எச்சில் ஊறுவதுகூடத் தெரியும். அந்தக் குழாயை 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். கீழ் முன்பற்களின் உட்புறம் அந்தக் குழாயின் வாசலிலேயே இருக்கிறது.

கன்னத்துச் சுரப்பியின் குழாய் மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. காரை அதிகம் பிடிக்கும் இரண்டாவது இடம் அந்தப் பற்களின் கன்னப் பக்கம். குழாய் திறக்கும் இடங்களும் காரை பிடிக்கும் இடங்களும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை.

எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சாதாரணமாகக் கரையக்கூடிய அளவை மிஞ்சியே இருக்கின்றன. இது நமக்கு நல்லதுதான். அமிலம் பட்டுப் பல் கொஞ்சம் கரைந்தால் எச்சில் அந்த உப்பைத் திருப்பி வைக்கிறது. இது இல்லாவிட்டால் பற்கள் சில ஆண்டுகளில் அரித்துப் போகும். ஆனால் இவ்வளவு உப்பு இருந்தும் வாய் முழுக்கக் கல் ஆகிவிடாமல் இருக்கக் காரணம், எச்சிலில் இருக்கும் சில புரதங்கள். உப்புத் துகள்கள் ஒன்றுசேர்ந்து படிகமாகாமல் இவை பிடித்து நிறுத்துகின்றன. படலத்துக்குள் வாழும் கிருமிகளோ இந்தப் புரதங்களைச் சிதைத்துவிடும். காவல்காரன் போய்விட்டான், உப்பு மட்டும் மிச்சம்.

அடுத்தது புளிப்பும் காரமும். காரம் என்று இங்கே சொல்வது மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பில் இருக்கிறதே அந்தத் தன்மை. எச்சில் புளித்தால் உப்பு கரையும், காரத்தன்மை ஏறினால் உப்பு படியும். வாயில் இது ஏறுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சுரப்பியிலிருந்து வரும் எச்சிலில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, குழாயை விட்டு வெளியே வந்ததும் சோடா மூடியைத் திறந்ததுபோல் காற்றில் போய்விடும். அது போனதும் புளிப்பு குறையும். இது முதலில் நடப்பது குழாய் வாசலில். இரண்டு, எச்சிலில் யூரியா இருக்கிறது. இரத்தத்திலிருந்து வருவது அது. படலத்துக் கிருமிகள் சில அதை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அம்மோனியா காரத்தன்மை உள்ளது.

கீழ் முன்பல்லின் உட்புறத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அங்கே எச்சில் வேகமாக ஓடுகிறது. நீங்கள் சாப்பிட்ட இனிப்பு அங்கே தங்காமல் உடனே கழுவப்பட்டுவிடும். கிருமிகள் அமிலம் உண்டாக்கினாலும் எச்சில் அதைத் தணித்துவிடும். அதனால்தான் கீழ் முன்பல்லில் சொத்தை வருவது அபூர்வம். அதே காரணத்தால்தான் அங்கே காரை அதிகம். சொத்தையே வந்ததில்லை என்று பெருமைப்படுபவர்களில் பலருக்குக் காரை அடிக்கடி பிடிப்பதை நான் பார்க்கிறேன். எல்லோருக்கும் அப்படி இல்லை, இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

தாடையடிச் சுரப்பிக்குள்ளேயேகூடக் கல் உண்டாகும். எச்சில் சுரப்பிக் கற்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அந்தச் சுரப்பியில்தான் வருகின்றன. சாப்பிடும் நேரத்தில் மட்டும் தாடைக்கு அடியில் வீங்கி வலித்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அது வேறு கதை.

சாப்பாட்டின் பங்கு

'என்ன சாப்பிடக்கூடாது டாக்டர்?' என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு விசித்திரமான உண்மையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். வாயால் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல், குழாய் வழியாக உணவு ஏற்றப்படும் நோயாளிகளுக்குக் காரை மிக வேகமாகப் பிடிக்கிறது. மென்று உரசுவது இல்லை. இனிப்பு வந்து அமிலம் உண்டாவது இல்லை. படலம் தொந்தரவின்றி உட்கார்ந்திருக்கிறது, எச்சில் உப்பை இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஆக, காரைக்கான சுண்ணாம்பு தட்டிலிருந்து வருவதில்லை.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் இதைப் பார்க்கலாம். அவர்கள் இரத்தத்தில் யூரியா கூடுவதால் எச்சிலிலும் கூடும். காரை அதிகம், குழந்தைகளாக இருந்தால் சொத்தை குறைவு. மேலே சொன்ன அம்மோனியா கணக்கு அப்படியே கண்முன் தெரிகிறது.

அப்படியானால் உணவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றுவழியாக. சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் படலம் புளித்துவிடும். பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் காரை வளராது, சொல்லப்போனால் கொஞ்சம் கரையும். ஆனால் பல்லும் கரையும். அதோடு சர்க்கரையிலிருந்து கிருமிகள் பசை போன்ற பொருளைச் செய்து படலத்தைத் தடிப்பாக்குகின்றன. புளிப்பு அடங்கியதும் உப்பு இறங்குவதற்கு இன்னும் பெரிய இடம் தயாராக இருக்கும். இனிப்பு சாப்பிட்டுக் காரையைத் தடுப்பது வீட்டைக் கொளுத்திக் கரையானை ஒழிப்பது மாதிரி.

ஒட்டிக்கொள்ளும் மாவுப் பண்டங்கள், பிஸ்கட், பிரட், மென்மையான பலகாரம் எல்லாம் ஈறோரத்தில் தங்கிப் படலத்துக்குத் தீனி போடும். நார் உள்ளதை மென்றால் பல் சுத்தமாகும் என்று சொல்வார்கள், பொங்கலுக்குக் கரும்பு கடிக்கும்போது இந்தப் பேச்சு வராமல் இருக்காது. மெல்லும் பரப்பு உரசிச் சுத்தமாகும் என்பது சரி. கரும்பின் நார் கீழ் முன்பல்லின் உட்புறத்து ஈறோரத்தைத் தொடுவதே இல்லை.

வெற்றிலை பாக்கு தனிக்கணக்கு. அங்கே நாமே சுண்ணாம்பைக் கொண்டுபோய் வைக்கிறோம். கால்சியமும் காரத்தன்மையும் ஒரே பொட்டலத்தில். மென்று அடக்கி வைக்கும் பக்கத்தில் காரை கெட்டியாகப் படியும், அதன் மேல் நிறமும் ஏறும். இதில் காரை சின்ன விஷயம், வாய்ப் புற்றுநோய்தான் பெரிய விஷயம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள், புகையிலை சேராவிட்டாலும்.

உப்புத்தண்ணீர்? 'எங்க ஊர் போர் தண்ணி டாக்டர், பக்கெட்டெல்லாம் வெள்ளையா படியுது' என்று பலரும் சொல்வார்கள். பக்கெட்டில் தண்ணீர் நின்று காய்கிறது, வாயில் ஒரு நொடி நின்று தொண்டைக்குள் போகிறது. எச்சிலின் கால்சியம் இரத்தத்திலிருந்து சுரப்பி எடுத்துத் தருவது. இரத்தத்தின் கால்சிய அளவை உடல் கறாராக ஒரே அளவில் வைத்திருக்கும். அதனால் தண்ணீரை முதல் குற்றவாளியாக்க வேண்டாம். இதே காரணத்தால், காரைக்குப் பயந்து பாலையோ கேழ்வரகையோ மருத்துவர் கொடுத்த கால்சியம் மாத்திரையையோ நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

எச்சிலை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. நம் கையில் இருப்பது படலம் ஒன்றுதான். அதை ஒவ்வொரு நாளும் கலைத்துவிட்டால் உப்பு இறங்க இடமில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி, எங்கே விடுபடுகிறது என்று பார்ப்பது. படலத்துக்கு நிறமேற்றும் மாத்திரை கிடைக்கிறது. ஆன்லைனிலோ பல் மருத்துவரிடமோ வாங்கலாம். பழைய படலத்தை ஊதாவாகவும் புதியதை இளஞ்சிவப்பாகவும் காட்டும் வகையாக இருந்தால் நல்லது. இரவு வழக்கம்போல் பல் துலக்கிவிட்டு, உதட்டில் வாசலின் தடவிக்கொண்டு, மாத்திரையை மென்று வாய் முழுக்கச் சுழற்றித் துப்புங்கள். ஒருமுறை கொப்பளித்துவிட்டு, சிறு கண்ணாடியையும் போன் விளக்கையும் வைத்துக் கீழ் முன்பல்லின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே ஊதா தெரிந்தால் ஒருநாளுக்கும் மேலாக உங்கள் பிரஷ் அந்த இடத்தைத் தொடவில்லை. இந்தச் சோதனையில் வெட்கப்படாதவர்கள் குறைவு, பல் மருத்துவர்கள் உட்பட.

இரண்டாவது, வரிசையை மாற்றுவது. பெரும்பாலானவர்கள் வெளிப்பக்கத்தில் ஆரம்பிப்பார்கள். பேஸ்ட் நுரைத்து வாய் நிரம்பியதும் துப்பத் தோன்றும், உட்புறம் அப்படியே நின்றுவிடும். எனவே கீழ் முன்பல்லின் உட்புறத்தில் ஆரம்பியுங்கள். பேஸ்ட் இல்லாமல், நனைத்த பிரஷால். பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அதன் நுனியில் உள்ள கற்றை மட்டும் ஈறோரத்தில் படும்படி வைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் பத்து முறை குட்டையாக ஈறிலிருந்து விளிம்புக்கு இழுங்கள். ஆறு பல்லுக்கும் அரை நிமிடம் போதும். பிறகு நாக்கால் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கினால் சரி. அப்புறம் பேஸ்ட் வைத்து மற்ற இடங்களுக்குப் போகலாம். மென்மையான பிரஷ் போதும். அழுத்தினால் காரை போகாது, ஈறுதான் இறங்கும்.

மூன்றாவது, இடுக்கு. பற்கள் நெருங்கியோ ஒன்றின் மேல் ஒன்று ஏறியோ இருந்தால் அந்த இடுக்குக்குள் பிரஷ் போகாது. இறுக்கமான இடுக்குக்குப் பல் நூல், ஈறு இறங்கி இடைவெளி விழுந்திருந்தால் இடுக்கு பிரஷ். தள்ளித் திணிக்காமல் நுழைய வேண்டும், ஆனால் கொஞ்சம் உரசிக்கொண்டு போக வேண்டும். அதுதான் சரியான அளவு. கிளிப் போட்டுக் கழற்றியபின் உள்ளே கம்பி ஒட்டியிருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

நான்காவது, இரவு. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நாக்கும் அசைவதில்லை, படலத்தை யாரும் உரசுவதில்லை. நாளுக்கு ஒருமுறைதான் முழுமையாகத் துலக்க முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும்.

ஐந்தாவது, பேஸ்ட். காரை தடுக்கும் பேஸ்ட் என்று விற்பவற்றில் சிலவற்றுக்குப் பொருள் உண்டு. அட்டையின் பின்புறம் பைரோபாஸ்பேட் அல்லது ஜிங்க் சிட்ரேட் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். இவை உப்பு படிகமாவதைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே பிடித்த காரையை இவை ஒன்றும் செய்யாது. ஆகவே ஸ்கேலிங் முடிந்த அன்றிலிருந்து தொடங்கினால்தான் பலன். ஃப்ளோரைடும் அதிலேயே இருக்க வேண்டும். சிலருக்குப் பைரோபாஸ்பேட்டால் பல் கூசும், வாயோரம் எரியும். அப்படி வந்தால் நிறுத்திவிடலாம். படலத்தை எடுப்பது பிரஷ்தான், பேஸ்ட் துணைக்கு மட்டும்.

செய்யக்கூடாதவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். எலுமிச்சையைத் தேய்ப்பது ஒன்று. பல்லும் காரையும் ஒரே பொருள் என்றேன். காரையைக் கரைக்கும் புளிப்பு பல்லையும் கரைக்கும், எது எது என்று அதற்குத் தெரியாது. ஊக்கு, பிளேடு, ஆன்லைனில் வாங்கிய கொக்கி ஆகியவற்றால் சுரண்டுவது இன்னொன்று. மேலே ஒரு சில்லு தெறிக்கும், ஈறுக்கு அடியில் உள்ளது அப்படியே இருக்கும், பல் வேரில் கீறல் விழுந்து அடுத்த படலத்துக்குப் பிடிமானம் கிடைக்கும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஈறு வீங்கியிருக்கும்போது மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதித் தருவார். அதோடு நிறுத்தாமல் மாதக்கணக்கில் கொப்பளிப்பவர்கள் உண்டு. கிருமிகள் செத்தாலும் செத்தவை பல்லில் ஒட்டியபடியே கல்லாகும். அந்த மவுத்வாஷை நீண்ட நாள் பயன்படுத்தினால் பழுப்புக் கறையோடு காரையும் கூடும்.

ஒருவரின் பன்னிரண்டு வாரம்

பலரைச் சேர்த்து ஓர் ஆளாகச் சொல்கிறேன். 38 வயது, அலுவலக வேலை. சர்க்கரையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, சொத்தை ஒன்றுகூட இல்லை. புகை, பாக்கு கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மூன்று மாதமும் கீழே காரை. 'இனிப்பே சாப்பிடறதில்லை, எனக்கு ஏன்?' என்று கேட்கிறார்.

காலையில் மட்டும் துலக்குகிறார், ஒன்றரை நிமிடம், வலது கைப் பழக்கம், ஆரம்பிப்பது இடது கன்னப் பக்கம். நிற மாத்திரை போட்டுப் பார்த்தபோது வெளிப்பக்கம் எல்லாம் சுத்தம். கீழ் முன்பல்லின் உட்புறம் முழு ஊதா. இவர் எச்சில் வேகமாகக் கல் கட்டும் வகை, சர்க்கரையை விட்டதால் அங்கே புளிப்பும் இல்லை. படலம் மட்டும் நாட்கணக்கில் தொடப்படாமல் இருக்கிறது. எல்லாம் கூடிவந்த இடம்.

ஸ்கேலிங் செய்து, காற்றடித்து உலர்த்தி மிச்சம் இல்லை என்று பார்த்தாயிற்று. உலர்ந்தால் சிறு துணுக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும், ஈரத்தில் தப்பிவிடும். அன்று இரவிலிருந்து உட்புறம் முதலில், பேஸ்ட் பிறகு. முதல் வாரக் கடைசியில் மாத்திரை போட்டால் நடுவில் உள்ள இரண்டு பல்லுக்கு இடையில் மட்டும் ஊதா, ஒரு பல் சற்றே உள்வாங்கியிருக்கிறது. அங்கே பல் நூல் சேர்த்தார். மூன்றாம் வாரம் அங்கும் இளஞ்சிவப்புதான். பன்னிரண்டாம் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த உள்வாங்கிய பல்லின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு. ஐந்து நிமிட வேலை. அடுத்த முறை ஆறு மாதம் கழித்து வரச் சொல்லலாம். காரை முழுக்க நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இவருடைய எச்சிலுக்கு அது நிற்கவும் நிற்காது.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு பல் மருத்துவத்தில் மிகப் புகழ்பெற்றது. பிரஷோ பல் மருத்துவரோ அவர்கள் வாழ்க்கையில் கிட்டத்தட்ட இல்லை. எல்லோர் வாயிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. ஆனால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் நார்களும் எல்லோருக்கும் ஒரேமாதிரி கெடவில்லை. ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு வேகமாக, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக, 11 சதவீதம் பேருக்கு ஈறழற்சியைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. அந்தத் தொழிலாளர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் அவர்கள் வாயைப் பற்றித்தான் படிக்கிறார்கள்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். காரையின் அளவை வைத்து மட்டும் ஆபத்தைச் சொல்ல முடியாது. காரை எப்போதும் தன் மேல் ஓர் உயிருள்ள படலத்தைப் போர்த்திக்கொண்டிருக்கிறது, கெடுதல் செய்வது அதுதான். அதற்கு உங்கள் ஈறு என்ன பதில் சொல்கிறது என்பதைப் பாருங்கள். துலக்கும்போது இரத்தம், ஈறில் சீழ், பல் ஆட்டம், நீளமாகத் தெரியும் பல், இவை இருந்தால் வெளியே தெரியும் மஞ்சள் காரை முக்கியமில்லை. ஈறுக்கு அடியில் கறுப்பாக இன்னொரு காரை இருக்கலாம். அதற்கான உப்பு எச்சிலிலிருந்து வருவதில்லை, ஈறின் இடுக்கில் கசியும் நீரிலிருந்து வருகிறது. பேஸ்ட் அங்கே போகாது, பிரஷும் போகாது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலோ புகை பிடித்தாலோ இதில் தாமதம் கூடாது.

'கிளீன் பண்ணினா பல் ஆடும்' என்ற பயத்தில் பலர் வருவதே இல்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்த பற்களைக் காரை ஒரு காரைச்சுவர் மாதிரி ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். அதை எடுத்தால் முன்பே இருந்த ஆட்டம் தெரிய வரும், காரை அடைத்திருந்த சந்தும் தெரியும். சில நாள் கூச்சமும் இருக்கும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. ஆறு மாதம் என்பது ஒரு வழக்கம், அவ்வளவுதான். ஈறில் இரத்தமில்லாமல், காரை மெல்லிய கோடாக மட்டும் இருந்தால் ஒரு வருடம்கூடப் போகலாம். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மாதம். உங்கள் இடைவெளியைக் கண்டுபிடிக்க ஒரு காகிதம் போதும். ஸ்கேலிங் தேதியை எழுதி, மாதம் ஒருமுறை டிஷ்யூவால் கீழ் முன்பல்லின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்திப் பாருங்கள். முதல் வெள்ளைக் கோடு தெரிந்த தேதியைக் குறித்து, அடுத்த முறை போகும்போது அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.